வளைந்த கோட்டில் ஒளிந்திருக்கும் வெப்பமானி

ஓம் விதிச் சோதனையில் கிராஃப் தாளில் வைத்த புள்ளிகள் நேர்கோட்டில் நிற்காமல் மெல்ல ஒரு பக்கமாக வளைந்து போனால், ஆய்வகத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் ஸ்கேலை வைத்து, புள்ளிகளுக்கு நடுவே முடிந்தவரை பொருந்தும்படி ஒரு நேர்கோட்டை இழுத்து, அதன் சாய்விலிருந்து மின்தடையைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் நேர்மையான மாணவர் வளைவை வளைவாகவே வரைந்து, அடியில் 'கம்பி சூடானதால் கோடு வளைந்தது' என்று ஒரு வரி எழுதி ரெக்கார்டு நோட்டை மூடுகிறார். முதல் வழி தவறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. இரண்டாவது வழியும் போதாது என்றே நினைக்கிறேன். கம்பி எவ்வளவு சூடானது? அந்தச் சூடு இவ்வளவு வளைவைத் தரக்கூடியதா? வேறு ஏதாவது வளைத்திருக்குமா? அந்த ஒற்றை வரியில் இவற்றுக்குப் பதில் இல்லை. பதிலெல்லாம் அந்தப் புள்ளிகளிலேயே இருக்கிறது, எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு சோதனையை அப்படியே எடுத்துக்கொள்வோம். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும் 36 கேஜ் எனாமல் பூசிய தாமிரக் கம்பியை எட்டரை மீட்டர் வாங்கி, ஒரு சிறிய பாபினில் நெருக்கமாகச் சுற்றுகிறோம். தலைமுடியைவிடத் தடித்த அந்தக் கம்பியின் மின்தடை, 30 டிகிரி செல்சியஸ் அறையில் ஏறத்தாழ 5 ஓம் இருக்கும். பேட்டரி எலிமினேட்டர், ரியோஸ்டாட், பிளக் கீ, அம்மீட்டர், சுருள் எல்லாம் வரிசையாக ஒரே சுற்றில். வோல்ட்மீட்டரின் இரண்டு முனைகளும் சுருளின் இரண்டு முனைகளில் மட்டும். அளவீட்டுக்கு டிஜிட்டல் மல்டிமீட்டர்கள். அவற்றின் 10 ஆம்பியர் வரம்பு, ஆம்பியரின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும்.

ரியோஸ்டாட்டை நகர்த்தி 1 வோல்ட்டில் தொடங்குகிறோம். ஒவ்வொரு அளவிலும் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, எண் அசையாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்கிறோம். இப்படிப்பட்ட சுருளில் எதிர்பார்க்கக்கூடிய எண்கள் இவை: 1 வோல்ட்டில் 0.20 ஆம்பியர், 2 வோல்ட்டில் 0.39, மூன்றில் 0.56, நான்கில் 0.71, ஐந்தில் 0.84, ஆறில் 0.95. மின்னழுத்தத்தைக் கிடை அச்சிலும் மின்னோட்டத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால், கோடு ஆரம்பத்தில் நேராகப் புறப்பட்டு, மேலே போகப்போகக் கிடை அச்சை நோக்கிப் படுக்கத் தொடங்குகிறது. முதல் வோல்ட்டுக்கு 0.20 ஆம்பியர் கூடிய இடத்தில், கடைசி வோல்ட்டுக்கு 0.11 ஆம்பியர்தான் கூடியிருக்கிறது. சுருள் 5 ஓமிலேயே நின்றிருந்தால் ஆறு வோல்ட்டில் 1.20 ஆம்பியர் ஓடியிருக்க வேண்டும்.

அச்சுகளை மாற்றி வரைந்திருந்தால் இதே வளைவு மேல்நோக்கி நிமிர்ந்து தெரியும். ஆகவே 'கோடு மேலே வளைந்தது', 'கீழே வளைந்தது' என்று பேசுவதற்கு முன் எந்த அச்சில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து மேசைக்காரரின் கிராஃப் வேறு திசையில் வளைந்திருக்கிறதே என்ற குழப்பம் பல நேரம் இதனால் மட்டுமே வருகிறது.

ஓம் விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதற்கு முன்னால் வரும் 'வெப்பநிலை மாறாதபோது' என்பதைத்தான் சொல்லும்போது விழுங்கிவிடுகிறோம். சிக்கல் என்னவென்றால், அளப்பதற்காக நாம் அனுப்பும் மின்னோட்டமே கம்பியைச் சூடாக்குகிறது. 1 வோல்ட்டில் சுருளுக்குள் வெப்பமாக மாறும் திறன் 0.2 வாட். 6 வோல்ட்டில் 6 பெருக்கல் 0.95, அதாவது 5.7 வாட். மின்னழுத்தம் ஆறு மடங்கு ஏறும்போது வெப்பம் ஏறத்தாழ இருபத்தெட்டு மடங்கு ஏறியிருக்கிறது. கோட்டின் அடிப்பகுதி நேராகவும் மேல்பகுதி மட்டும் வளைந்தும் தெரிவது இதனால்தான்.

சூடு ஏன் மின்தடையைக் கூட்டுகிறது? தாமிரத்துக்குள் அணுக்கள் ஒழுங்கான வரிசைகளில் நிற்கின்றன. எலக்ட்ரான்கள் அந்த ஒழுங்கின் ஊடே வெகுதூரம் தடையின்றிப் போகக்கூடியவை. அணுக்கள் தம் இடத்திலிருந்து அதிர்வதுதான் எலக்ட்ரான்களைச் சிதறடிக்கிறது. வெப்பநிலை ஏறினால் அதிர்வு கூடும், சிதறலும் கூடும். அறை வெப்பநிலையை ஒட்டிய எல்லைக்குள் இந்தக் கூடுதல் அநேகமாக நேர்விகிதத்தில் நடக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் தாமிரம், ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தன் மின்தடையில் ஏறத்தாழ 0.0038 பங்கு கூட்டிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் வெப்பநிலை மின்தடை எண் என்று வருவது இதுதான். பத்து டிகிரிக்கு நூற்றுக்கு நான்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் மதிப்பீட்டுக்குப் போதும்.

இனி நம் புள்ளிகளுக்கு வருவோம். முதல் வேலை, ஒவ்வொரு புள்ளியிலும் மின்தடை எவ்வளவு என்று காண்பது. இந்த இடத்தில் நன்றாகப் படிக்கும் மாணவர்களே வழுக்கி விழுகிறார்கள். நேர்கோட்டில் சாய்வைக் கண்டுபிடித்துப் பழகிய கை, வளைவிலும் சாய்வைத் தேடுகிறது. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே மின்னழுத்த மாற்றம் 1 வோல்ட், மின்னோட்ட மாற்றம் 0.11 ஆம்பியர்; வகுத்தால் 9.1 ஓம் வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் சுருளின் மின்தடை 9.1 ஓம் ஆகவே ஆகாது. மின்தடை என்பது அந்தப் புள்ளியின் மின்னழுத்தத்தை அதே புள்ளியின் மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது: 6 வகுத்தல் 0.95, அதாவது 6.32 ஓம். வரைபடத்தில் சொன்னால், ஆதிப்புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இழுக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். அங்கே வளைவைத் தொட்டுச் செல்லும் தொடுகோடு வேறு சங்கதி. நேர்கோட்டில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடுகிறது. வளைந்த கோட்டில் தொடுகோட்டை எடுத்தால் 6.32 ஓம் இருக்கும் இடத்தில் 9 ஓமுக்கு மேல் எழுதிவிடுவோம். அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டால் 250 டிகிரியைத் தாண்டும், பாபினே உருகியிருக்க வேண்டும்.

சரியான முறையில் வகுத்தால் வரிசையாக 5.0, 5.13, 5.36, 5.63, 5.95, 6.32 ஓம். மின்தடை படிப்படியாக ஏறுகிறது. முதல் எண்ணை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். மீட்டர் 0.20 என்று காட்டும்போது உண்மையான மின்னோட்டம் 0.195 முதல் 0.205 வரை எங்கும் இருக்கலாம். அப்படியானால் மின்தடை 4.88 முதல் 5.13 வரை எதுவாகவும் இருக்கலாம். குளிர்ந்த நிலையின் மின்தடையைத் தெரிந்துகொள்ள மிகச் சிறிய மின்னோட்டம் வேண்டும், ஆனால் சிறிய மின்னோட்டத்தில்தான் நம் மீட்டர் கரடுமுரடாக அளக்கிறது.

இதிலிருந்து வெளியே வர ஓர் அழகான வழி இருக்கிறது. இன்னொரு கிராஃப் வரையுங்கள். கிடை அச்சில் மின்னழுத்தத்துக்குப் பதிலாக வாட் அளவிலான திறன். செங்குத்து அச்சில் மின்தடை. திறன் ஒவ்வொரு புள்ளிக்கும் மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம்: 0.20, 0.78, 1.68, 2.84, 4.20, 5.70 வாட். இந்தப் புள்ளிகளை வைத்தால் வளைவு மறைந்துவிடுகிறது. ஏறத்தாழ நேர்கோடு. அதை இடப்பக்கம் நீட்டி, திறன் பூஜ்ஜியம் ஆகும் இடத்துக்குக் கொண்டுபோனால் 4.95 ஓமில் முட்டுகிறது. சுருளை அளக்க ஒரு துளி வெப்பம்கூடத் தராமல் அளந்திருந்தால் கிடைத்திருக்கும் மின்தடை அதுதான். கோட்டின் சாய்வு, வாட்டுக்கு 0.24 ஓம்.

ஏன் இது நேர்கோடாக வருகிறது? அடியில் சிறு ஓட்டை உள்ள வாளியில் குழாயைத் திறந்து விட்டால், நீர்மட்டம் ஏற ஏற ஓட்டை வழியே ஒழுகும் வேகமும் கூடி, உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். சுருளின் வெப்பமும் அப்படித்தான். மின்னோட்டம் தரும் வெப்பம் உள்ளே வருகிறது. சுருள் அறையைவிட எவ்வளவு சூடோ, ஏறத்தாழ அந்த அளவுக்கு வெப்பத்தைக் காற்றுக்கு இழக்கிறது. இரண்டும் சமமாகும் வெப்பநிலையில் நிற்கும். ஆகவே வெப்பநிலை உயர்வு திறனுக்கு நேர்விகிதம். மின்தடை உயர்வு வெப்பநிலை உயர்வுக்கு நேர்விகிதம். இரண்டையும் சேர்த்தால் மின்தடை உயர்வு திறனுக்கு நேர்விகிதம். கோடு வளைந்ததற்குச் சூடுதான் காரணம் என்று சொல்ல விரும்பும் மாணவர் முதலில் வரைய வேண்டியது இந்த இரண்டாவது கிராஃபைத்தான். இது நேராக வந்தால் அவர் சொல்வதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. தாறுமாறாகச் சிதறினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இப்போது வெப்பநிலை. ஆறு வோல்ட்டில் மின்தடை 6.32, குளிர்ந்த நிலையில் 4.95. வேறுபாடு 1.37 ஓம், 4.95-ஆல் வகுத்தால் 0.277. அதை 0.0038-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 73. அறை 30 டிகிரி என்றால் சுருள் நூறு டிகிரியைச் சற்றே தாண்டியிருக்கிறது. வெப்பமானியை எங்கும் செருகாமல், சுருளைத் தொடாமல், அதன் உள்ளே இருக்கும் சராசரி வெப்பநிலையைப் படித்துவிட்டோம். வாட்டுக்கு ஏறத்தாழ 13 டிகிரி ஏறுகிறது என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நடு அடுக்குகளில் உள்ள கம்பி இதைவிடச் சூடாகவும், வெளிச்சுற்றில் இருப்பது சற்றுக் குறைவாகவும் இருக்கும். வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து 'அவ்வளவு சூடில்லையே' என்று முடிவு கட்டக்கூடாது; இந்த அளவில் தொடவும் கூடாது.

ஆய்வகத்துக்கு வெளியே இது அன்றாட வேலை. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் முழுச் சுமையில் ஓடும்போது உள்ளே உள்ள தாமிரச் சுற்று எவ்வளவு சூடாகிறது என்று சோதிக்க, ஓடுவதற்கு முன் ஒருமுறையும் ஓடி நிறுத்திய உடனே ஒருமுறையும் சுற்றின் மின்தடையை அளக்கிறார்கள். தாமிரத்துக்கு அவர்கள் பயன்படுத்தும் கணக்கு எளிது: இரண்டு வெப்பநிலைகளோடும் தனித்தனியே 234.5-ஐக் கூட்டிக்கொண்டால், இரு கூட்டுத்தொகைகளின் விகிதமும் மின்தடைகளின் விகிதமும் ஒன்றாக இருக்கும். நம் சுருளில் வைத்துப் பார்ப்போம். 30-உடன் 234.5 கூட்டினால் 264.5. அதை 6.32 வகுத்தல் 4.95-ஆல், அதாவது 1.277-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 337.7. அதிலிருந்து 234.5-ஐக் கழித்தால் 103 டிகிரி. முன்பு கண்ட விடையே. மோட்டாரின் உள்சுற்றுக்குள் வெப்பமானியை நுழைக்க முடியாத இடத்தில் சுற்றே வெப்பமானியாகிவிடுகிறது. மாணவர் அழித்துவிட்டு நேர்கோடு போட நினைத்த அந்த வளைவுதான் இங்கே அளவுகோல்.

இதுவரை பேசியதெல்லாம் எண் அசையாமல் நின்ற பிறகு குறித்ததைப் பற்றி. வகுப்பில் அவ்வளவு பொறுமைக்கு நேரம் கிடைப்பதில்லை. மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். ஐந்து நொடிக்கு ஒரு அளவீடு எடுக்கும் குழுவுக்கும், மூன்று நிமிடம் காத்திருக்கும் குழுவுக்கும், ஒரே சுருளிலிருந்து இரண்டு வேறு வளைவுகள் கிடைக்கும். அவசரக்காரர்களின் கோடு குறைவாக வளைந்திருக்கும், ஏனெனில் சுருள் சூடாக அவகாசமே தரவில்லை. அதே குழு உச்சிக்குப் போய்விட்டு அவசரமாக இறங்கி வந்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். மேலே போகும்போது 3 வோல்ட்டில் இருந்த மின்னோட்டம், இறங்கும்போது அதே 3 வோல்ட்டில் குறைவாக இருக்கும். சுருள் இன்னும் ஆறு வோல்ட்டின் சூட்டைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஏறிய பாதையும் இறங்கிய பாதையும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாமல் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி விழும். அந்த இடைவெளி வெப்பத்தின் கையெழுத்து என்றே சொல்லலாம். ஒவ்வொரு புள்ளியிலும் போதிய நேரம் காத்திருந்து இறங்கினால் இடைவெளி மூடிக்கொள்ளும், வளைவு மட்டும் அப்படியே இருக்கும். 'எத்தனை நிமிடம் காத்திருந்து குறித்தோம்' என்பதை எழுதாத வளைந்த வரைபடத்துக்கு முழுப் பொருள் கிடையாது.

வெப்பத்தை நேரில் பிடிக்க இன்னும் சுலபமான வழி, ஒரே இடத்தில் நின்று பார்ப்பது. சுருள் முழுக்கக் குளிர்ந்த பிறகு ரியோஸ்டாட்டை அதிக மின்னோட்டம் போகும் இடத்தில் வைத்து, பிளக் கீயைச் செருகி, இரண்டு மீட்டர்களையும் கவனியுங்கள். ரியோஸ்டாட்டைத் தொடாதீர்கள். மின்னோட்டம் மெல்ல இறங்கும். அதே நேரத்தில் சுருளின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் மெல்ல ஏறும். சுருளின் மின்தடை கூடுவதால் மொத்த மின்னழுத்தத்தில் அதன் பங்கு கூடுகிறது. இந்த எதிரெதிர் நகர்வு மிக முக்கியமான தடயம். பேட்டரி தளர்ந்துபோயிருந்தால் இரண்டு எண்களும் சேர்ந்தே இறங்கும். அப்போதும் இரண்டையும் ஒரே நேரத்தில் குறித்தால் புள்ளி அதே நேர்கோட்டில்தான் கொஞ்சம் கீழே விழும், வளைவு வராது. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், வோல்ட்மீட்டர் முனைகளுக்கு நடுவே இருக்கும் பொருளின் மின்தடைதான் மாறுகிறது. அந்த நேரத்தில் சுருளுக்கு மேலே மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள். இறங்கி நின்ற மின்னோட்டம் மறுபடி ஏறும். சுருளை ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயில் முழுக்கிவைத்து மொத்தச் சோதனையையும் திரும்பச் செய்தால் கோடு பெருமளவு நிமிர்ந்துவிடும், ஏனெனில் எண்ணெய் காற்றைவிட வெகு வேகமாக வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்பி அதேதான், மின்னோட்டம் கூடியிருக்கிறது, ஆனாலும் வளைவு குறைந்துவிட்டது என்றால் வாதத்துக்கு இடமில்லை.

இனி, சூட்டின் மேல் பழிபோடக் கூடாத இடம். பள்ளி ஆய்வகங்களில் ஓம் விதிக்குக் கொடுக்கும் சுருள் பல நேரம் நைக்ரோம் கம்பியில் செய்தது. நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த உலோகக் கலவையில், வேறுவேறு அணுக்கள் ஒழுங்கில்லாமல் கலந்து நிற்பதே எலக்ட்ரான்களைப் போதுமான அளவு சிதறடித்துவிடுகிறது. அதிர்வு கூடுவதால் வரும் கூடுதல் சிதறல் அந்த மொத்தத்தில் சிறு பங்குதான். நைக்ரோமின் வெப்பநிலை மின்தடை எண், கலவையைப் பொறுத்து, தாமிரத்தின் எண்ணில் பத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழே. தாராளமாக 0.0004 என்றே வைத்துக்கொள்வோம். நம் வரைபடத்தில் கண்ட அதே 28 சதவீத உயர்வு நைக்ரோமில் வர வேண்டுமானால், கம்பி ஏறத்தாழ 700 டிகிரி ஏறியிருக்க வேண்டும். அந்த வெப்பத்தில் அது ஹீட்டர் கம்பிபோலச் சிவந்து ஒளிரும். கம்பி சாம்பல் நிறத்திலேயே இருந்து, கோடு மட்டும் அவ்வளவு வளைந்திருந்தால் 'சூடானதால்' என்ற விளக்கம் பொய். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அந்த வரியை எழுத மாணவரை விடக்கூடாது என்று ஆசிரியர்களிடம் உரிமையோடு கேட்பேன்.

அப்படியானால் வேறு எது வளைத்திருக்கும்? வழக்கமாகச் சந்தேகப்படும் பிழைகளில் பல கோட்டை வளைக்கவே வளைக்காது. மீட்டர் பூஜ்ஜியத்தில் நிற்காமல் தொடங்கினால் கோடு நேராகவே இருக்கும், ஆதிப்புள்ளி வழியே போகாது. வோல்ட்மீட்டரை அம்மீட்டரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் அம்மீட்டரின் சிறு மின்தடையும் சேர்ந்துகொள்ளும். சாய்வு மாறும், நேர்கோடு மாறாது. ரியோஸ்டாட் கொதித்தாலும் கவலையில்லை, அது வோல்ட்மீட்டரின் முனைகளுக்கு வெளியே இருக்கிறது. திருகு சரியாக முறுக்கப்படாத இணைப்பு, புள்ளிகளை முன்னும் பின்னுமாகச் சிதறடிக்கும். மல்டிமீட்டரின் வரம்பை நடுவில் மாற்றியிருந்தால் கோடு அந்த இடத்தில் சட்டென்று முறியும். மெதுவாக, ஒரே திசையில், உச்சியில் அதிகமாக வளைகிற கோடு இவை எதனாலும் வராது. நைக்ரோம் என்று எழுதி ஒட்டிய பெட்டியில் அப்படி ஒரு வளைவு வந்தால், பெட்டிக்குள் இருப்பது உண்மையில் இரும்புக் கம்பியா, தாமிரக் கம்பியா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இரும்பு, தாமிரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளைக்கும்.

எதிர்த் திசையில் வளைகிற பொருளும் உண்டு. ரேடியோ பழுது பார்ப்பவர்களிடம் இருக்கும் கால் வாட் கார்பன் ரெசிஸ்டரை அதன் தாங்கும் எல்லை வரை கொண்டுபோனால், சூடாகும்போது அதன் மின்தடை சிறிதளவு குறைகிறது. மின்னோட்டம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆகவே 'சூடானால் மின்தடை கூடும்' என்பதைப் பொது விதியாக எழுதக்கூடாது. எந்தப் பொருள் என்று சேர்த்தே எழுத வேண்டும்.

நேர்கோடே வேண்டும் என்றால் சூட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் சைமன் ஓம் தம் விதியைக் கண்டடைந்த 1826-ஆம் ஆண்டுச் சோதனைகள் இந்த வகையில் கவனிக்கத்தக்கவை. அவர் முதலில் பயன்படுத்திய மின்கலங்கள் ஓடஓடத் தளர்ந்து அளவீடுகளைக் குழப்பின. பொக்கென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, தாமிரமும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டு வெப்பநிலைகளும் அசையாமல் நின்றதால் மின்னழுத்தமும் அசையாமல் நின்றது. அப்படிப்பட்ட இணைப்பு தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அவர் தேடிப் போனது நிலையான மூலத்தை; அதோடு சேர்ந்து, கம்பியைச் சூடாக்க முடியாத அளவு மெல்லிய மூலமும் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1841-இல் ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்று காட்டினார். நம் வளைவில் அந்த இரண்டு பேரின் விதிகளும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

பள்ளி மேசையில் அதைச் செய்ய வழி எளிது. மின்னோட்டத்தைச் சிறிதாக வைத்து, அதற்கேற்ற நுண்ணிய வரம்புள்ள மீட்டரை முதலிலிருந்து கடைசி வரை மாற்றாமல் பயன்படுத்த வேண்டும். பிளக் கீயை அளவீடு எடுக்கும் நொடிகளில் மட்டும் செருகி, உடனே எடுத்துவிட வேண்டும். அடுத்த அளவீட்டுக்கு முன் சுருள் ஆற விட வேண்டும். செயல்முறைக் கையேடுகளில் 'சாவியைத் தொடர்ந்து மூடி வைக்கக்கூடாது' என்று ஒரு எச்சரிக்கை வருமே, அதன் காரணம் இதுதான். தரமான அளவீட்டுப் பெட்டிகளில் உள்ள சுருள்களை மாங்கனின் கம்பியில் செய்கிறார்கள். தாமிரம், மாங்கனீசு, நிக்கல் சேர்ந்த அந்தக் கலவையின் மின்தடை அறை வெப்பநிலையை ஒட்டி அநேகமாக மாறுவதே இல்லை. எட்வர்ட் வெஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை உருவாக்கியது, மீட்டர்களின் அளவு சூட்டினால் பிசகக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆனால் சுருள் தாமிரமாக இருந்து, கோடு வளைந்துவிட்டது, திரும்பச் செய்ய நேரமில்லை என்றால், ரெக்கார்டு நோட்டின் முடிவுப் பகுதியில் எழுத வேண்டியதைச் சொல்கிறேன். பொருள்: எனாமல் பூசிய தாமிரக் கம்பிச் சுருள். அறை வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு அளவீட்டுக்கும் எண் அசையாமல் நிற்கும்வரை மூன்று நிமிடம் காத்திருந்தோம். திறன் பூஜ்ஜியத்துக்கு நீட்டிப் பெற்ற மின்தடை 4.95 ஓம்; 6 வோல்ட்டில் 6.32 ஓம். மின்தடை வாட்டுக்கு 0.24 ஓம் வீதம் நேர்கோட்டில் ஏறியது. இந்த உயர்வு தாமிரத்துக்கு ஏறத்தாழ 73 டிகிரி வெப்பநிலை உயர்வைக் காட்டுகிறது. மின்விசிறியைப் போட்டபோது மின்னோட்டம் ஏறியது. இரண்டு கிராஃப் தாள்களும் பின்னால் ஒட்டப்பட்டுள்ளன, வளைந்தது முதலில்.